தட்டையான வலையமைப்பும் பிராட்காஸ்ட் புயலும்

2002 நவம்பர் 13, புதன்கிழமை. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் உள்ள பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவ மையத்தின் கணினி வலையமைப்பு பிற்பகலில் மெதுவாகத் தொடங்கியது. முதலில் மின்னஞ்சல் தாமதமானது. பிறகு ஆய்வக முடிவுகள் திரையில் வரவில்லை, மருந்துக் குறிப்புகள் மருந்தகத்துக்குப் போய்ச் சேரவில்லை. வலையமைப்பு சிறிது நேரம் மீளும், மறுபடி விழும். இறுதியில் மருத்துவமனை கணினியைக் கைவிட்டுக் காகிதத்துக்குத் திரும்பியது. மருத்துவர்கள் கையால் எழுதிய சீட்டுகளை ஊழியர்கள் மாடிக்கு மாடி சுமந்து சென்றனர். அவசரச் சிகிச்சைப் பிரிவு சில மணி நேரம் ஆம்புலன்ஸ்களை வேறு மருத்துவமனைகளுக்குத் திருப்பிவிட்டது. நிலைமை சீராக ஏறத்தாழ நான்கு நாட்கள் ஆயின.

எந்தக் கருவியும் எரிந்துபோகவில்லை. யாரும் வெளியிலிருந்து தாக்கவும் இல்லை. அந்த வலையமைப்பு அதன் வடிவம் தாங்கக்கூடிய அளவைத் தாண்டி வளர்ந்திருந்தது, அவ்வளவுதான். மருத்துவமனையின் தலைமைத் தகவல் அதிகாரியாக இருந்த ஜான் ஹலம்கா நடந்ததை மறைக்காமல் வெளிப்படையாகப் பேசினார். அதனால்தான் இந்த நிகழ்வு இன்றும் வலையமைப்பு வரலாற்றில் பேசப்படுகிறது. அங்கு என்ன நேர்ந்தது என்று புரிந்துகொள்ள, ஈதர்நெட் பிறந்த காலத்துக்குச் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

எல்லோருக்கும் கேட்கும் ஒரு கம்பி

1973-இல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்ட்டோ ஆய்வு மையத்தில் ராபர்ட் மெட்கால்ஃப் ஈதர்நெட்டுக்கான கருத்தை எழுதினார். டேவிட் பாக்ஸும் அவரும் சேர்ந்து அதைக் கட்டினர். ஒரே ஒரு தடித்த கம்பி கட்டடம் முழுவதும் ஓடும். எல்லாக் கணினிகளும் அதில் இணைந்திருக்கும். ஒன்று பேசினால் எல்லாவற்றுக்கும் கேட்கும். ஒவ்வொரு பொதியிலும் யாருக்கு என்ற முகவரி உண்டு. தனக்கு வராததைக் கணினியின் வலை அட்டையே தள்ளிவிடும்.

ஆனால் ஒரு முகவரியை மட்டும் எந்த வலை அட்டையும் தள்ளிவிட முடியாது. எல்லா பிட்டுகளும் ஒன்றாக உள்ள ff:ff:ff:ff:ff:ff என்ற முகவரி அது. பொருள்: இது எல்லோருக்கும். இதைத்தான் பிராட்காஸ்ட் என்கிறோம். பிராட்காஸ்ட் பொதி வந்தால் வலை அட்டை அதை வாங்கி, கணினியின் செயலியை நிறுத்தி, 'இதைப் பார்' என்று கொடுத்தே ஆக வேண்டும். தனக்குத் தேவையில்லை என்று தெரிந்துகொள்வதற்குக்கூடச் செயலி அதைத் திறந்து படிக்க வேண்டும்.

பிராட்காஸ்ட் இல்லாமல் வலையமைப்பு இயங்காது என்பதும் உண்மை. 1982 நவம்பரில் டேவிட் பிளம்மர் வெளியிட்ட ஏஆர்பி நெறிமுறை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஒரு கணினிக்கு இன்னொன்றின் ஐபி முகவரி தெரியும், ஆனால் வன்பொருள் முகவரி தெரியாது. அப்போது அது '10.20.0.7 யாருடையது?' என்று கூட்டத்துக்கு நடுவே நின்று கேட்கிறது. உரியவர் மட்டும் பதில் சொல்கிறார், ஆனால் கேள்வியை எல்லோரும் கேட்டாக வேண்டும். புதிதாக இயங்கத் தொடங்கும் கணினி தனக்கு முகவரி கேட்பதும் இப்படித்தான். அச்சுப்பொறிகளும் கோப்புப் பகிர்வுச் சேவைகளும் 'நான் இங்கே இருக்கிறேன்' என்று அவ்வப்போது அறிவிப்பதும் இதே வகையில், அல்லது இதன் நெருங்கிய உறவான மல்டிகாஸ்ட் வகையில்தான்.

எண்ணிக்கை இரட்டித்தால் சுமை நான்கு மடங்கு

ரவுட்டர் எதுவும் குறுக்கே இல்லாமல், எல்லாக் கருவிகளும் ஒரே பிராட்காஸ்ட் எல்லைக்குள் இருக்கும் அமைப்பைத் தட்டையான வலையமைப்பு என்பார்கள். கற்பனையாக ஒரு கட்டடத்தை எடுத்துக்கொள்வோம். அலுவலகக் கணினிகள் 150, பயிற்சிக்கூடக் கணினிகள் 120, மேசைத் தொலைபேசிகள் 60, கண்காணிப்புக் கேமராக்கள் 50, வைஃபையில் கைபேசிகளும் மடிக்கணினிகளுமாக 40. ஆக மொத்தம் 420. ஒவ்வொன்றும் இரண்டு நொடிக்கு ஒரு பிராட்காஸ்ட் அனுப்புவதாக வைத்துக்கொண்டால், நொடிக்கு 210 பிராட்காஸ்ட். அந்த 210-ஐயும் 420 கருவிகளும் வாங்கிப் படிக்க வேண்டும். அதாவது கட்டடம் முழுவதும் நொடிக்கு 88,200 முறை ஏதோ ஒரு கருவி தன் வேலையை விட்டுவிட்டுத் தனக்குத் தேவையில்லாத ஒன்றைப் பார்க்கிறது. கருவிகள் 840 ஆனால் இந்த எண் இரண்டு மடங்காகாது, நான்கு மடங்காகும். பேசுபவர்களும் கூடுகிறார்கள், கேட்பவர்களும் கூடுகிறார்கள் அல்லவா.

இன்றைய மேசைக் கணினிக்கு நொடிக்கு 210 பொதி ஒரு பொருட்டே அல்ல. கம்பியின் கொள்ளளவிலும் அது கடுகளவு. 'கருவிகள் நூற்றுக்கணக்கில் ஆகிவிட்டன, அதனால் வலை மெதுவாகிவிட்டது' என்று சிலர் சொல்வதைக் கம்பி இணைப்பைப் பொறுத்தவரை அப்படியே ஏற்க முடியாது. வலியை முதலில் உணர்வது இரண்டு இடங்கள். ஒன்று, சிறு செயலி கொண்ட பழைய கேமரா, தொலைபேசி, அச்சுப்பொறி போன்றவை. இன்னொன்று வைஃபை.

வைஃபையில் ஒரு கைபேசிக்கான தரவு அந்தக் கைபேசிக்கு ஏற்ற வேகத்தில் போகும். பிராட்காஸ்டோ எல்லோருக்கும் கேட்க வேண்டும் என்பதால், ஓரத்தில் மங்கலான சமிக்ஞையில் இருப்பவருக்கும் புரியும் மிகக் குறைந்த வேகத்தில் அனுப்பப்படுகிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பழைய கருவிகளுக்காக அந்த வேகம் 1 மெகாபிட்டில் விடப்பட்டிருந்தால், ஒரு சிறு பிராட்காஸ்ட் பொதிக்கே கிட்டத்தட்ட ஒரு மில்லி நொடி பிடிக்கும். நொடிக்கு 210 என்றால் காற்றில் ஐந்தில் ஒரு பங்கு நேரம் போய்விட்டது, யாரும் இன்னும் எதையும் பதிவிறக்கத் தொடங்கவில்லை. மறுபடியும் சொல்லி உறுதிசெய்யும் வசதியும் பிராட்காஸ்டுக்குக் கிடையாது.

1980-களின் கணினிகளுக்கு இந்தச் சுமை இன்றைய அளவில் சிறியதாக இருக்கவில்லை. பின்னாளில் சிஸ்கோ நிறுவனத்தின் வடிவமைப்பு வழிகாட்டி ஒரு தட்டையான பகுதியில் ஐபி மட்டும் பேசும் கணினிகள் 500, நாவெல் நெட்வேர் என்றால் 300, ஆப்பிள்டாக் என்றால் 200 வரை வைக்கலாம் என்று பரிந்துரைத்தது. ஒரே எண்ணிக்கையில் கருவிகள் இருந்தாலும் அவை பேசும் மொழியின் ஆரவாரத்தைப் பொறுத்து வரம்பு மாறியது என்பதை இந்த மூன்று எண்கள் காட்டுகின்றன.

முதல் புயல்கள்

சுமை என்பது வேறு, புயல் என்பது வேறு. சுமையில் வலை தள்ளாடும். புயலில் ஒரே பொதி பல பொதிகளைப் பிறப்பித்து, அவை இன்னும் பலவற்றைப் பிறப்பித்து, வலை சில நொடிகளில் நின்றுவிடும்.

1983-இல் வெளிவந்த பெர்க்லி யூனிக்ஸின் 4.2 பதிப்பில் பிராட்காஸ்டுக்கான ஐபி முகவரியின் கடைசிப் பகுதி எல்லாம் சுழியாக இருந்தது. 1984 அக்டோபரில் ஜெஃப்ரி மோகல் எழுதிய தர ஆவணம், அது எல்லாம் ஒன்றாக இருக்க வேண்டும் என்று வகுத்தது. பிறகு வந்த 4.3 பதிப்பு அதைப் பின்பற்றியது. ஒரே கம்பியில் பழைய பதிப்பும் புதிய பதிப்பும் கலந்தபோதுதான் வேடிக்கை தொடங்கியது. புதிய கணினி எல்லோருக்குமான செய்தியை 255 என்று முடியும் முகவரிக்கு அனுப்பும். ஈதர்நெட் அளவில் அது பிராட்காஸ்ட்தான் என்பதால் பழைய கணினிகளும் வாங்கும். ஆனால் ஐபி அளவில் அந்த முகவரி அவற்றுக்குப் புரியாது. 'இது வேறு யாருக்கோ வந்தது, நானே கொண்டுபோய்ச் சேர்க்கிறேன்' என்று முடிவு செய்யும். சேர்ப்பதற்கு, '255 யாருடையது?' என்று ஏஆர்பி மூலம் எல்லோரையும் கேட்கும். அப்படி ஒருவர் இல்லை. வலையில் 100 பழைய கணினிகள் இருந்தால், ஒரு செய்தி ஒரே கணத்தில் 100 பிராட்காஸ்டுகளாக வெடிக்கும்.

இன்னொரு வகையும் இருந்தது. யாரோ தவறான சேவை எண்ணுக்கு ஒரு பிராட்காஸ்ட் அனுப்புவார். கேட்ட எல்லாக் கணினிகளும் ஒரே நேரத்தில் 'அப்படி ஒரு சேவை என்னிடம் இல்லை' என்று பதில் அனுப்பும். 1989 அக்டோபரில் வெளியான இணையக் கணினிகளுக்கான தர ஆவணம், பிராட்காஸ்டுக்குப் பிழைச் செய்தி அனுப்பவே கூடாது என்று தடை விதித்தது. அதற்கான காரணத்தைச் சொல்லும்போது 'பிராட்காஸ்ட் புயல்' என்ற சொல்லையே அது பயன்படுத்தியது. இவ்வகைப் புயல்கள் மென்பொருள் திருத்தங்களால் அடங்கின. அடங்காதது வளையத்தால் வரும் புயல்.

பொதிக்கு வயது இல்லை

1980-களின் நடுவில் ஈதர்நெட் கம்பிகளை ஒன்றோடொன்று இணைக்கும் பிரிட்ஜ் என்ற பெட்டி வந்தது. ஒரு பக்கம் கேட்டதை மறுபக்கம் சொல்வதே அதன் வேலை. இன்றைய சுவிட்ச் அதன் பல முனை கொண்ட வாரிசு. சுவிட்ச் எந்த முகவரி எந்த முனையில் இருக்கிறது என்று கற்றுக்கொண்டு, அந்த முனைக்கு மட்டும் அனுப்பும். பிராட்காஸ்ட் என்றால் வந்த முனையைத் தவிர மற்ற எல்லா முனைகளுக்கும் நகல் எடுத்து அனுப்பும்.

இரண்டு சுவிட்சுகளுக்கு இடையே தவறுதலாக இரண்டு கம்பிகள் போட்டுவிட்டால் என்ன ஆகும்? முதல் சுவிட்ச் ஒரு பிராட்காஸ்டை இரண்டு கம்பிகளிலும் அனுப்பும். இரண்டாவது சுவிட்ச் முதல் கம்பியில் வந்ததை இரண்டாவது கம்பி வழியாகவும், இரண்டாவதில் வந்ததை முதல் கம்பி வழியாகவும் திருப்பி அனுப்பும். இது நிற்கவே நிற்காது. ஐபி பொதியில் ஆயுள் என்று ஓர் எண் உண்டு. அதிகபட்சம் 255-இல் தொடங்கி ஒவ்வொரு ரவுட்டரும் ஒன்றைக் குறைக்கும், சுழியானால் பொதி செத்துவிடும். ஈதர்நெட் பொதியில் அப்படி ஓர் இடமே ஒதுக்கப்படவில்லை. ஒரே கம்பிக்காக எழுதப்பட்ட ஒன்றுக்கு எத்தனை தாவல் என்ற கேள்வி எழவில்லை.

வேகத்தைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். மிகச் சிறிய ஈதர்நெட் பொதி 64 பைட். முன்குறிப்பும் இடைவெளியும் சேர்ந்து கம்பியில் அது 84 பைட் இடம் பிடிக்கிறது. 1 கிகாபிட் கம்பியில் நொடிக்கு ஏறத்தாழ 14,88,000 பொதிகள் அப்படிப் போகலாம். வளையத்தை ஒருமுறை சுற்ற 10 மைக்ரோ நொடி ஆகிறது என்று கொண்டால், ஒரே பொதி நொடிக்கு ஒரு லட்சம் முறை சுற்றும். ஆக 15 ஏஆர்பி கேள்விகள் மாட்டிக்கொண்டால் போதும், கம்பி ஒரு திசையில் நிரம்பிவிடும். ஒவ்வொரு சுற்றிலும் மற்ற எல்லா முனைகளுக்கும் ஒரு நகல் போகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இதோடு, அனுப்பியவரின் முகவரி ஒரு முறை இந்த முனையிலும் மறுமுறை அந்த முனையிலும் தெரிவதால் சுவிட்ச் கற்றது எல்லாம் தப்பாகிவிடுகிறது. பிராட்காஸ்ட் அல்லாத சாதாரணத் தரவும் வழி தவறும்.

இதற்குத் தீர்வு கண்டவர் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தில் பணியாற்றிய ரேடியா பெர்ல்மன். 1985-இல் அவர் வெளியிட்ட ஸ்பானிங் ட்ரீ முறையில், சுவிட்சுகள் தங்களுக்குள் சிறு அறிவிப்புகளைப் பரிமாறிக்கொண்டு ஒன்றைத் தலைமையாகத் தேர்ந்தெடுக்கும். தலைமையை நோக்கிய ஒரு வழியை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற கூடுதல் வழிகளை மூடிவிடும். வளையம் மரமாகிவிடும். சில நாட்களில் முறையை வகுத்துவிட்ட அவர், மீதி நேரத்தில் அதைப் பற்றி ஒரு கவிதையும் எழுதினார். ஈதர்நெட்டை ஒரு கம்பியாகப் பார்க்காமல் முழு வலையமைப்பாக மக்கள் எடுத்துக்கொண்டதே அடிப்படைத் தவறு என்று அவர் பிற்காலத்தில் பலமுறை சொல்லியிருக்கிறார்.

அந்தத் தவறு 1990-களில் பெருகியது. அதற்கு நியாயமான காரணங்களும் இருந்தன. அன்றைய ரவுட்டர்கள் மென்பொருளால் இயங்கியவை, மெதுவானவை, விலை அதிகம். 1990-இல் கல்பனா நிறுவனம் கொண்டுவந்த ஈதர்நெட் சுவிட்ச் வன்பொருளால் வேகமாக இயங்கியது. நெட்பயாஸ் போன்ற சில நெறிமுறைகள் ரவுட்டரைத் தாண்டியே செல்லாதவை. கணினியை ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்கு மாற்றினால் முகவரியைக் கையால் மாற்ற வேண்டியிருந்தது. தட்டையாக விட்டால் இந்தத் தொல்லை இல்லை. ஆகவே நிறுவனங்கள் சுவிட்சோடு சுவிட்சைக் கோத்துக்கொண்டே போயின.

பாஸ்டனில் நடந்தது

பெத் இஸ்ரேல் டீக்கனஸ் 1996-இல் இரண்டு மருத்துவமனைகள் ஒன்றானதால் உருவானது. வலையமைப்பும் அதைப் போலவே ஒட்டு மேல் ஒட்டாக வளர்ந்தது. ஸ்பானிங் ட்ரீ முறையின் வழக்கமான நேர அளவுகள், எந்த இரண்டு முனைகளுக்கும் இடையே ஏழு சுவிட்சுகளுக்கு மேல் இல்லை என்ற அனுமானத்தில் கணக்கிடப்பட்டவை. அங்கு மருத்துவப் படங்களைக் கையாளும் பகுதி மையத்திலிருந்து பத்துத் தாவல் தள்ளி இருந்தது. அமைதியான நாட்களில் இது தெரியவில்லை. ஓர் ஆய்வாளர் நிறுவிய கோப்புப் பகிர்வு மென்பொருள் பெருமளவு தரவை வலைக்குள் தள்ளியபோது தெரிந்தது.

இங்கு நிகழும் தோல்வியின் இயல்பு கவனிக்கத்தக்கது. மூடிவைக்கப்பட்ட முனை ஒவ்வொரு இரண்டு நொடியும் பக்கத்துச் சுவிட்சின் அறிவிப்பைக் கேட்டுக்கொண்டிருக்கும். அறிவிப்பு வருகிறவரை அது மூடியே இருக்கும். 20 நொடி எதுவும் கேட்கவில்லை என்றால், பக்கத்துச் சுவிட்ச் செத்துவிட்டது, மாற்றுவழி தேவை என்று முடிவு செய்து, கவனிக்க 15 நொடியும் கற்க 15 நொடியும் எடுத்துக்கொண்டு தன்னைத் திறக்கும். கம்பி அறுந்திருந்தால் இது சரியான செயல். ஆனால் தரவு நெரிசலில் அறிவிப்புகள் தொலைந்தாலும், மூச்சுமுட்டிய சுவிட்ச் அவற்றை அனுப்பத் தவறினாலும் கேட்பது அதே மௌனம்தான். முனை திறக்கிறது, வளையம் உருவாகிறது, வளையம் நெரிசலைக் கூட்டுகிறது, இன்னும் அறிவிப்புகள் தொலைகின்றன. பாதுகாப்புக்கு வைத்த ஏற்பாடே வளையத்தை உண்டாக்குகிறது.

அங்கிருந்த பொறியாளர்கள் எந்தப் பகுதியில் கோளாறு என்று அறிய இணைப்புகளைத் துண்டித்துப் பார்த்தனர். ஒவ்வொரு துண்டிப்பும் ஒரு மாற்றம் என்பதால் மரம் மறுபடி கணக்கிடப்பட்டு, நிலைமை மோசமானது. உதவிக்கு வந்த சிஸ்கோ பொறியாளர்கள் புதிய கருவிகளை விமானத்தில் வரவழைத்தனர். திக்கின பகுதிகளுக்கு இடையே ரவுட்டர் செயல்பாடு கொண்ட சுவிட்சுகளை வைத்துத் தட்டையான அமைப்பைத் துண்டுகளாக்கினர். கோளாறைக் கண்டுபிடித்துத் திருத்தியதை விட, வடிவத்தை மாற்றியதால்தான் வலை எழுந்தது என்று சொல்லலாம்.

புயல் கட்டுப்பாடு

வளையம் உருவான பின் சேதத்தைக் குறைப்பது புயல் கட்டுப்பாடு. சுவிட்சின் ஒவ்வொரு முனையும் உள்ளே வரும் பிராட்காஸ்டை ஒரு நொடி அல்லது அதற்கும் குறைந்த இடைவெளியில் எண்ணும். வரம்பு தாண்டினால் அந்த இடைவெளி முடியும் வரை மிச்சத்தைக் கொட்டிவிடும். சிஸ்கோ சுவிட்சில் அது இப்படி எழுதப்படும்:

```
interface GigabitEthernet1/0/12
 storm-control broadcast level pps 500
 storm-control action trap
 spanning-tree bpduguard enable
```

வரம்பை விழுக்காட்டிலும் கொடுக்கலாம். பலர் 1 விழுக்காடு என்று போட்டுவிட்டுக் கடுமையாகக் கட்டுப்படுத்திவிட்டதாக நினைக்கிறார்கள். கிகாபிட் முனையில் 1 விழுக்காடு என்பது நொடிக்கு ஏறத்தாழ 14,880 சிறு பொதிகள். 1980-களின் 10 மெகாபிட் ஈதர்நெட் முழுவதுமாக நிரம்பினால் ஓடும் அளவு அது. கேமராக்களைச் சாய்க்க அதுவே போதும். ஆகவே நொடிக்கு எத்தனை பொதி என்று வைப்பதே மேல்.

எந்த எண் வைப்பது என்பதை அளந்துதான் முடிவு செய்ய வேண்டும். ஒரு கணினியில் `tcpdump -ni eth0 ether broadcast` என்று ஓடவிட்டால் அந்தப் பகுதியின் பிராட்காஸ்ட் அனைத்தும் தெரியும். வேலை நாளின் உச்ச நேரத்தில் அளப்பது போதாது. மின்சாரம் போய் வந்த பின் எல்லாக் கருவிகளும் ஒரே நேரத்தில் எழுந்து முகவரி கேட்கும் அந்த ஒரு நிமிடத்தையும் அளக்க வேண்டும். கட்டுப்பாட்டுக்கு நல்ல பிராட்காஸ்ட், கெட்ட பிராட்காஸ்ட் என்ற பேதம் தெரியாது. வரம்பு இறுக்கமாக இருந்தால் மின்வெட்டுக்குப் பிறகு பாதிக் கணினிகளுக்கு முகவரியே கிடைக்காது. ஒரே கணினி இணைந்த முனைக்கு நொடிக்குச் சில நூறு தாராளம். சுவிட்சுகளை இணைக்கும் முதன்மை முனையில் அதே எண்ணை வைத்தால் ஒரு மாடியே பாதிக்கப்படும்.

மேற்காட்டிய கடைசி வரி புயலை அல்ல, வளையத்தையே தடுப்பதற்கானது. மேசைக்குச் செல்லும் முனையில் ஸ்பானிங் ட்ரீ அறிவிப்பு வந்தால் அங்கே யாரோ சுவிட்சை மாட்டியிருக்கிறார்கள் என்று பொருள். உடனே முனை மூடப்படும். மேசைக்கு அடியில் கிடக்கும் ஐந்து முனைச் சிறு சுவிட்சின் இரு முனைகளை ஒரே கம்பியால் இணைத்துவிடுவது, அலுவலகங்களில் புயல் பிறக்கும் மிகச் சாதாரணமான வழி. அப்போது பெரிய சுவிட்ச் அனுப்பிய அறிவிப்பே சுற்றித் திரும்பி வரும். காவல் வரி அதைப் பிடித்துவிடும். மலிவான சில சிறு சுவிட்சுகள் இந்த அறிவிப்புகளை விழுங்கிவிடுவதும் உண்டு. அவ்விடத்தில் மிஞ்சுவது புயல் கட்டுப்பாடு ஒன்றே.

புயல் அடிக்கிறதா, வெறும் நெரிசலா என்று அறிய முதலில் சுவிட்சின் விளக்குகளைப் பார்க்கலாம். சாதாரண நெரிசலில் சில விளக்குகள் வேகமாகவும் சில மெதுவாகவும் கண் சிமிட்டும். புயலில் எல்லாம் ஒன்றாக, கிட்டத்தட்ட அணையாமல் எரியும், ஆளில்லாத அறையின் முனை உட்பட. சுவிட்சின் பதிவேட்டில் `MACFLAP_NOTIF` என்ற செய்தி வந்தால், ஒரே முகவரி இரண்டு முனைகளுக்கு இடையே தாவுகிறது என்று பொருள். அந்த இரண்டு முனைகளின் பெயரும் அதிலேயே இருக்கும். தேட வேண்டிய இடம் அதுதான். கண்ட கம்பியை எல்லாம் பிடுங்கத் தேவையில்லை.

துண்டாக்குதல்

1980-களில் பெல்கோர் ஆய்வகத்தில் டேவிட் சின்காஸ்கி பெரிய ஈதர்நெட்டுகளைக் கட்ட முயன்றபோது, ஒரே கம்பிகளின் மேல் பல தனித்தனி வலைகளை ஓட்டலாம் என்ற கருத்தை வளர்த்தார். அதுவே வீலான். 1998-இல் அது 802.1Q என்ற பொதுத் தரமாயிற்று. பொதியில் 12 பிட் எண் ஒன்று சேர்க்கப்படுகிறது. ஒரு வீலானின் பிராட்காஸ்ட் அடுத்த வீலானுக்குப் போகாது.

நம் 420 கருவிக் கட்டடத்தை ஐந்து வீலானாகப் பிரித்தால், அலுவலகக் கணினிகள் நொடிக்கு 75 பிராட்காஸ்ட் மட்டும் கேட்கும், கேமராக்கள் 25, வைஃபை 20. கட்டடம் முழுவதும் 88,200 ஆக இருந்த குறுக்கீடு 22,300 ஆகக் குறைகிறது. வைஃபைதான் அதிகம் பயன்பெறுகிறது. காற்றில் ஐந்தில் ஒரு பங்கைத் தின்ற பிராட்காஸ்ட் இப்போது நூற்றில் இரண்டு பங்காகிவிட்டது. அணுகு புள்ளியின் குறைந்தபட்ச வேகத்தை 1 மெகாபிட்டிலிருந்து உயர்த்தினால் அதுவும் மேலும் சுருங்கும்.

பிரித்த மறுநாள் காலையில் புகார்கள் வரும். முகவரி வழங்கும் சர்வர் ஒரு வீலானில் இருக்கும், கேட்பவர் இன்னொன்றில் இருப்பார், கேள்வி எல்லையிலேயே நின்றுவிடும். ரவுட்டரில் `ip helper-address` என்ற வரியால் அந்தக் கேள்வியைச் சர்வருக்கு எடுத்துச் செல்லச் சொல்ல வேண்டும். கைபேசியில் தானாகத் தெரிந்துகொண்டிருந்த அச்சுப்பொறி திடீரென்று காணாமல்போகும். அதன் அறிவிப்பும் எல்லையைத் தாண்டவில்லை. இவை கோளாறுகள் அல்ல, பிரிவு சரியாக வேலை செய்வதன் அடையாளங்கள். இருந்தாலும் இதை முன்கூட்டியே சொல்லிவைக்காத பொறியாளர் பழைய நிலைக்கே திரும்பும்படி வற்புறுத்தப்படுவார்.

வீலானை அளவுக்கு மீறி நம்புவது வேறொரு தவறு. எல்லா வீலான்களும் சுவிட்சுகளுக்கு இடையே ஒரே கம்பியில்தான் பயணிக்கின்றன, ஒரே செயலியைத்தான் பகிர்கின்றன. ஒரு வீலானில் வளையம் ஏற்பட்டு அந்தக் கம்பி நிரம்பினால் மற்ற நான்கும் சேர்ந்து திணறும். ஒரே வீலானைக் கட்டடத்தின் எல்லா மாடிகளுக்கும், அடுத்த கட்டடத்துக்கும் இழுத்துக்கொண்டு போனால், பெயரில் பிரிந்திருந்தாலும் தாவல் கணக்கில் அது பாஸ்டன் மருத்துவமனையைப் போலவே ஆகிவிடும். உண்மையான எல்லை ரவுட்டர்தான். 1990-களின் இறுதியில் வன்பொருளிலேயே ரவுட்டர் வேலையைச் செய்யும் சுவிட்சுகள் வந்ததும், ரவுட்டர் மெதுவானது என்ற பழைய காரணம் இல்லாமல்போனது. ஒவ்வொரு மாடியையும் தனி வீலானாக முடித்து, மாடிகளுக்கு இடையே ஐபி வழியே இணைத்தால், பிராட்காஸ்ட் அந்த மாடியோடு நிற்கும். மாடிகளுக்கு இடையே வளையம் வந்தாலும் ஆயுள் எண் குறைந்து பொதி இறந்துவிடும்.

தட்டையான வலையை விட முடியாதவர்களுக்காக ரேடியா பெர்ல்மன் மீண்டும் ஒரு முறை வந்தார். அவருடைய கருத்திலிருந்து உருவாகி 2011-இல் இணையத் தரமாக வெளிவந்த ட்ரில் என்ற நெறிமுறை, ஈதர்நெட் பொதியைச் சுற்றி ஒரு புதிய உறையைப் போடுகிறது. அந்த உறையில் 6 பிட் அளவில் ஒரு தாவல் எண் இருக்கிறது. ஒவ்வொரு பெட்டியைத் தாண்டும்போதும் அது ஒன்று குறையும்.